டெல்டாவின் வகுப்பறை: 'உணர்வு உழைப்பு' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

'எமோஷனல் லேபர்' என்ற சொல் இப்போது எல்லா இடத்திலும் அடிபடுகிறது. வீட்டில் யார் மளிகை லிஸ்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், நண்பர்கள் அழும்போது யார் போனை எடுக்கிறார்கள், எல்லாமே எமோஷனல் லேபர்தான் என்கிறார்கள். சொல்லை உருவாக்கியவரே இது சரியில்லை என்று 2018-ல் ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். அப்படியானால் அவர் முதலில் என்ன அர்த்தத்தில் சொன்னார்? அதைத் தேடிப் போனபோது எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. தமிழில் 'உணர்வு உழைப்பு' என்று வைத்துக்கொள்கிறேன்.

அவர் பெயர் ஆர்லி ரஸல் ஹோக்‌ஷில்ட். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். அப்பா அமெரிக்க வெளியுறவுத் துறையில் இருந்தவர். வீட்டு விருந்துகளில் ராஜதந்திரிகளின் சிரிப்பைச் சின்ன வயதிலேயே பார்த்து வளர்ந்தவர். எந்தச் சிரிப்பு ஆளுடையது, எந்தச் சிரிப்பு அரசாங்கத்துடையது என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். 1983-ல் வந்த 'தி மேனேஜ்டு ஹார்ட்' என்ற புத்தகம்தான் இந்தச் சொல்லுக்குப் பிறந்த வீடு. அதன் பெரும்பகுதி ஒரே ஒரு நிறுவனத்தைப் பற்றியது: அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட டெல்டா விமான நிறுவனம்.

ஏன் விமானம்?

இதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் இருக்கிறது. 1978 வரை அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் பறக்கும் விமானங்களின் டிக்கெட் விலையை ஓர் அரசு வாரியம்தான் தீர்மானித்தது. எந்த நிறுவனத்தில் போனாலும் ஒரு தடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே விலை, பெரும்பாலும் ஒரே மாதிரி விமானம். விலையைக் குறைத்து ஆள் பிடிக்க வழியில்லை. அப்புறம் எதை வைத்துப் போட்டி போடுவது? சாப்பாடு, இருக்கை, கடைசியாகப் பணிப்பெண்ணின் சிரிப்பு. மற்றவர்களுடையது ஒட்டவைத்த சிரிப்பு, எங்களுடையது மனசார வருவது என்ற தொனியில் ஒரு நிறுவனம் விளம்பரமே செய்தது. அந்த வாக்குறுதியைக் கொடுத்தது விளம்பரத் துறை. அதைக் காப்பாற்ற வேண்டியது பணிப்பெண்ணின் முகம்.

1930-ல் எலன் சர்ச் என்ற நர்ஸ் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தபோது கதை வேறு. பறக்கப் பயப்படும் பயணிக்கு ஒரு நர்ஸ் கூட இருந்தால் தைரியம் வரும் என்பதுதான் கணக்கு. அதாவது கவனிப்பு வேலையும் சேவை வேலையும் இந்தத் தொழிலில் தொடக்கத்திலேயே கலந்துதான் இருந்தன.

டெல்டாவை ஹோக்‌ஷில்ட் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மற்ற நிறுவனங்களைவிட அது சேவைக்கு அதிக முக்கியத்துவம் கொடுத்தது. பயிற்சியும் அங்கேதான் நன்றாக இருந்தது. தொழிற்சங்கத்தின் பிடியும் குறைவு. ஆக, நிறுவனத்தின் கோரிக்கை அதன் முழு வடிவில் தெரியும் இடம். அங்கே வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். புதிதாகச் சேர்ந்தவர்களின் பயிற்சி, வேலையில் இருப்பவர்கள் திரும்ப வந்து படிக்கும் மறுபயிற்சி, இரண்டையும் பார்த்தார். மேலாளர்களையும் மேற்பார்வையாளர்களையும் பேட்டி எடுத்தார். சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேறு நிறுவனங்களின் பணிப்பெண்களோடும் மணிக்கணக்காகப் பேசினார்.

மூன்று நிபந்தனைகள்

ஒரு வேலையில் உணர்வு உழைப்பு இருக்கிறது என்று சொல்ல அவர் மூன்று நிபந்தனை வைத்தார். ஒன்று, மக்களோடு நேருக்கு நேராகவோ குரல் வழியாகவோ தொடர்பு இருக்கணும். இரண்டு, அந்த ஆளுக்குள் ஓர் உணர்வை உண்டாக்குவது வேலையின் பகுதியாக இருக்கணும். அது நன்றியாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். மூன்று, தொழிலாளியின் உணர்வு நடவடிக்கையை முதலாளி பயிற்சியாலும் கண்காணிப்பாலும் கட்டுப்படுத்தணும்.

இந்த மூன்றாவதுதான் முக்கியம். இன்று புழங்கும் அர்த்தத்தில் காணாமல் போயிருப்பதும் இதுதான். துக்க வீட்டில் சிரிப்பை அடக்குகிறோம், கல்யாண வீட்டில் சந்தோஷத்தை வரவழைக்கிறோம். இதையும் ஹோக்‌ஷில்ட் கவனித்தார். 1979-ல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதற்கு 'உணர்வு வேலை' என்றும், எந்த இடத்தில் என்ன உணரணும் என்ற சமூக எதிர்பார்ப்புக்கு 'உணர்வு விதிகள்' என்றும் பெயர் வைத்தார். அது நாம் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வது. அதையே சம்பளத்துக்கு விற்கும்போது விதியை எழுதுவது வேறொருவர், லாபம் வேறொருவருக்கு. அப்போதுதான் அது உணர்வு 'உழைப்பு' ஆகிறது.

கோபப்படும் பயணியை என்ன செய்வது?

இனி வகுப்பறைக்குள் போகலாம். எனக்குப் புத்தகத்திலேயே மிகவும் சுவாரஸ்யமாகப் பட்டது மறுபயிற்சி வகுப்புதான். அங்கே பாடம்: கத்துகிற பயணியைக் கையாள்வது. அவர்களுக்குத் தொழில் வழக்கில் 'ஐரேட்' என்றே பெயர். கோபக்காரர் என்ற பண்புச்சொல்லை ஆளுக்கே பெயராக்கிவிட்டார்கள். கவனியுங்கள், பாடம் பயணியின் கோபத்தை அடக்குவது பற்றி மட்டும் இல்லை. அவரைப் பார்த்துப் பணிப்பெண்ணுக்கு வரும் கோபத்தை என்ன செய்வது என்பதும் பாடம்.

ஹோக்‌ஷில்ட் இங்கே இரண்டு வகை நடிப்பைப் பிரிக்கிறார். முகத்தை மட்டும் மாற்றுவது மேல்நடிப்பு. உள்ளே எரிந்துகொண்டு வெளியே சிரிப்பது. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நடிகர்களுக்குச் சொன்னது போல, ஒரு நினைவையோ கற்பனையையோ பிடித்துக்கொண்டு உண்மையிலேயே அந்த உணர்வை உள்ளே வரவழைப்பது ஆழ்நடிப்பு. டெல்டா பயிற்சி கேட்டது இரண்டாவதை.

முதல் படி, விமானத்தை உங்கள் வீட்டு ஹாலாக நினைத்துக்கொள்ளுங்கள். வந்திருப்பவர் உங்கள் விருந்தாளி. விருந்தாளியிடம் எரிந்து விழ மாட்டீர்கள் அல்லவா? அது போதாதபோது அடுத்த படி: கத்துபவரைக் குழந்தையாக நினையுங்கள். குழந்தை அடம்பிடித்தால் அதன் மேல் பகை வராது. அல்லது அவர் பறக்கவே பயந்து, அந்தப் பயத்தை உங்கள் மேல் கொட்டுகிறார் என்று நினையுங்கள். அதற்கும் மேலே, அவர் வாழ்க்கையில் ஏதோ பெரிய இடி விழுந்திருக்கிறது என்று கற்பனை செய்யுங்கள். ஒரு பணிப்பெண்ணை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டி, பெயரைக் கேட்டுப் புகார் கொடுப்பேன் என்று மிரட்டியிருக்கிறார். அவருடைய மகன் அப்போதுதான் இறந்திருந்தான் என்று பின்னால் தெரிந்தது. அதற்குப் பிறகு யார் கத்தினாலும் அந்த மனிதரையே நினைத்துக்கொள்வதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் பலிக்காவிட்டால் கடைசி உபாயங்கள் இருந்தன. ஆழமாக மூச்சு விடுவது, இந்த ஆளோடு நான் வீட்டுக்கா போகப்போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. பணிப்பெண்கள் தாங்களாகக் கண்டுபிடித்தவையும் உண்டு. ஐஸ் கட்டியைக் கடித்து நொறுக்குவது. கழிவறைக்குள் போய் ஃப்ளஷ்ஷைத் திரும்பத் திரும்ப அழுத்துவது. பயணியின் காபியில் பேதி மருந்தைக் கலப்பதாகக் கற்பனை செய்வது!

சரி, இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். மகன் இறந்த மனிதரிடம் பொறுமையாக இருப்பது நல்ல விஷயம்தானே? ஆமாம். ஆனால் அந்த வகுப்பில் கேட்கப்படாத கேள்விகளைப் பாருங்கள். பயணி செய்தது நியாயமா? பணிப்பெண்ணின் கோபம் சரிதானா? எதை மாற்றினால் இந்தச் சண்டை வராமல் இருக்கும்? எல்லாக் கேள்வியும் ஒரே கேள்வியாக மடிந்துவிடுகிறது: உன் கோபத்தை நீ எப்படிக் குறைப்பாய்? கூட வேலை செய்பவளிடம் போய்ப் புலம்புவதும் நல்லதில்லை, இரண்டு பேருக்கும் சூடேறிவிடும் என்று அறிவுரை. அதாவது கோபம் ஒரு கோரிக்கையாக மாற இருந்த வழியும் அடைபடுகிறது. மீறினால் தெரிந்துவிடும். மேற்பார்வையாளர்கள் விமானத்தில் வந்து கவனிப்பார்கள். பயணிகள் எழுதும் பாராட்டுக் கடிதமும் புகார்க் கடிதமும் பணிப்பெண்ணின் கோப்பில் சேரும்.

என் அத்தை பெண் சில வருஷம் சென்னையில் ஒரு கால் சென்டரில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தாள். அவளுடைய அழைப்புகளைத் தரம் பார்க்கும் படிவத்தில் 'எம்பதி' என்று ஒரு கட்டம் இருந்ததாம். வாடிக்கையாளர் குறை சொன்னதும் வருத்தம் தெரிவிக்கும் ஒரு வாக்கியம் வரணும், வராவிட்டால் மார்க் போகும். "வருத்தமா இருந்தா மட்டும் போதாதுண்ணா, வருத்தம் ரெக்கார்டுல கேக்கணும்" என்றாள். மூன்றாவது நிபந்தனையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதே நிறுவனம், எதிர்ப்பக்கம்

ஹோக்‌ஷில்ட் விமானத்தோடு நிற்கவில்லை. டெல்டாவின் பில் வசூல் பிரிவையும் பார்த்தார். பணிப்பெண் வாடிக்கையாளரை உயர்த்தணும், வசூல்காரர் அதே நிறுவனத்தின் வாடிக்கையாளரை இறக்கணும். பயணியை நம்பச் சொன்ன நிறுவனம் கடன்காரரைச் சந்தேகப்படச் சொல்கிறது. அங்கே மேலதிகாரியின் குறை, நீ போதிய அளவு கோபப்படவில்லை என்பது. எதிர்முனையில் இருப்பவர் மேல் இரக்கம் வந்தால் அதை அடக்கணும். அவர் சோம்பேறி, ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொள்ளணும். ஆக, உணர்வு உழைப்பு என்றால் சிரிப்பு என்று மட்டும் அர்த்தமில்லை. முதல் வேலையில் அதிகமும் பெண்கள், இரண்டாவதில் அதிகமும் ஆண்கள் என்பதும் தற்செயல் இல்லை. அன்றைய அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கு தொழிலாளர்கள் கணிசமான உணர்வு உழைப்பு கேட்கும் வேலையில் இருந்தார்கள் என்றும், வேலைக்குப் போகும் பெண்களை மட்டும் எடுத்தால் அது சுமார் பாதி என்றும் அவர் மதிப்பிட்டார்.

விமானத்தில் ஆண் பணியாளர்களும் இருந்தார்கள். அதே வேலை, அதே சீருடை. ஆனால் பயணிகள் பெண்களிடம் கத்தினார்கள், ஆண்களிடம் அடங்கிப் பேசினார்கள். இதை அந்தஸ்துக் கவசம் என்கிறார் ஹோக்‌ஷில்ட். சமூகத்தில் மதிப்புக் குறைவாக இருப்பவரின் உணர்வைப் புண்படுத்துவது மலிவு. அதனால் ஒரே வேலையில் இருந்தாலும் பெண் அதிகமாக விழுங்க வேண்டியிருந்தது.

வேகம் கூடியபோது

இப்போது கதையின் திருப்பம். 1970 ஜனவரியில் போயிங் 747 சேவைக்கு வந்தது. ஒரே விமானத்தில் பல நூறு பேர். 1973-ல் எண்ணெய் விலை ஏற்றம், நடுவில் பொருளாதார மந்தம், 1978-ல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. டிக்கெட் மலிவானது. முன்பு பறக்காத குடும்பங்களும் முதியவர்களும் குழந்தைகளும் ஏறினார்கள். பறக்கும் நேரம் குறைந்தது, பயணிகள் கூடினார்கள், பணியாளர் எண்ணிக்கை அதற்கேற்ப ஏறவில்லை. பழைய ப்ரொப்பெல்லர் காலத்தில் ஒரு பணிப்பெண் பயணியின் பெயரைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்து பேச முடிந்தது. இப்போது சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்து, வாங்கி, இறங்குவதற்குள் முடிப்பதே பெரிய பாடு. ஆனால் விளம்பரமும் பயிற்சியும் மாறவில்லை. அதே ஹால், அதே விருந்தாளி. ஹால் கல்யாண மண்டபமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆழ்நடிப்புக்கு நேரம் வேண்டும். ஒருவரைக் குழந்தையாகவோ துக்கத்தில் இருப்பவராகவோ பார்க்க நாலு நிமிஷமாவது வேண்டும். அந்த நேரம் போனபோது பணிப்பெண்கள் மேல்நடிப்புக்கு இறங்கினார்கள். இதை ஹோக்‌ஷில்ட் ஒரு வகை வேலைநிறுத்தமாகவே பார்க்கிறார். சிரிப்பை நிறுத்த முடியாது. ஆனால் சீக்கிரம் முடித்துவிடலாம், கண்ணில் ஒளி இல்லாமல் சிரிக்கலாம். பணிப்பெண்கள் நடுவே உலவிய ஒரு கதையைப் புத்தகம் பதிவு செய்கிறது. ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறாய் என்று ஓர் இளம் வியாபாரி கேட்டிருக்கிறார். முதலில் நீங்கள் சிரியுங்கள் என்றாள் அவள். அவரும் சிரித்தார். அப்படியே பதினைந்து மணி நேரம் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாளாம்.

விலை என்ன?

விலையை அவர் மூன்று வகை ஆட்களாகப் பிரித்துக் காட்டுகிறார். முதல் வகை வேலையோடு முழுசாக ஒன்றிப் போகிறவர். அவருக்கும் வேலைக்கும் நடுவே இடைவெளியே இல்லை. பயணி திட்டினால் அது நேராக அவரையே திட்டியதாகப் படும். வேகம் கூடும்போது முதலில் எரிந்து தீர்வது இவர்தான். பர்ன்-அவுட் என்கிறோமே, அது. இரண்டாம் வகை வேலை வேறு, நான் வேறு என்று பிரித்துவைப்பவர். எரிய மாட்டார். ஆனால் நான் போலி, வெறும் நடிப்பு என்ற குற்ற உணர்வு அரிக்கும். மூன்றாம் வகை பிரித்துவைத்து, அதற்காக வெட்கப்படாதவர். இது நடிப்பு வேலை, நான் நடிக்கிறேன் என்பவர். இவருக்கு வரும் ஆபத்து, எதையுமே நம்பாத கசப்பு.

கணக்கில் வராத இன்னொரு விலையும் உண்டு. பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வரவழைத்த உற்சாகம் இறங்க மறுத்தது, தூக்கம் வரவில்லை என்று சிலர் சொன்னார்கள். சிரிப்பு தன் மேல் இருக்கிறது, ஆனால் தன்னுடையது இல்லை என்ற பொருளில் ஒருவர் சொன்னார். ஹோக்‌ஷில்ட் இதை ஃப்ராய்டிடமிருந்து எடுத்த ஒரு கருத்தோடு இணைக்கிறார். உணர்வு ஒரு சமிக்ஞை. கோபம் என்பது 'இங்கே ஏதோ சரியில்லை' என்று உள்ளிருந்து வரும் செய்தி.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். சர்வர் அலர்ட் ராத்திரியெல்லாம் அடிக்கிறது. இரண்டு வழி இருக்கிறது. சர்வரில் என்ன கோளாறு என்று பார்க்கலாம், அல்லது அலர்ட்டை மியூட் செய்யலாம். மியூட் செய்தவர் நிம்மதியாகத் தூங்குவார், டாஷ்போர்டும் பச்சையாகவே இருக்கும். டெல்டா மறுபயிற்சி, கோபம் என்ற அலர்ட்டைத் தொழிலாளியே மியூட் செய்யக் கற்றுக்கொடுத்த வகுப்பு.

பின்னால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

ஹோக்‌ஷில்ட் சொன்னது எல்லாம் அப்படியே நிற்கவில்லை. 1988-ல் ராபர்ட் சட்டனும் அனாத் ரஃபேலியும் 576 சிறு கடைகளின் தகவலை வைத்து, சிரித்துப் பேசும் கடையில் விற்பனை கூடுமா என்று பார்த்தார்கள். வந்த விடை தலைகீழ். விற்பனை அதிகமான கடைகளில்தான் கனிவு குறைவு. சிரிப்பு விற்பனையைக் கெடுத்தது என்று அர்த்தமில்லை. கூட்டம் நெரியும் கடையில் வரிசையில் நிற்பவருக்கு வேண்டியது சீக்கிரம் பில், சிரிப்பு இல்லை. வேகமும் கனிவும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் கிடைக்காது என்பதற்கு இது நல்ல சாட்சி.

1993-ல் ஏமி வார்ட்டன் இன்னொரு திருத்தம் சொன்னார். உணர்வு உழைப்பு இருக்கும் வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் மற்றவர்களைவிடச் சோர்ந்து போயிருக்கவில்லை. வேலையை எப்படிச் செய்வது என்று தாங்களே தீர்மானிக்கும் சுதந்திரம் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சோர்வு மாறியது. பிறகு வந்த உளவியல் ஆய்வுகள் மேல்நடிப்பையும் ஆழ்நடிப்பையும் தனித்தனியாக அளந்தன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011-ன் ஒரு தொகுப்பாய்வின்படி மேல்நடிப்பு சோர்வோடு ஒட்டியே வருகிறது. ஆழ்நடிப்பில் அந்தத் தொடர்பு பெரிதாக இல்லை.

அப்படியானால் டெல்டா சொன்னதுதான் சரியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த அளவைகள் சோர்வைத்தான் கேட்கின்றன. அலர்ட்டை மியூட் செய்தவரிடம் தூக்கம் எப்படி என்று கேட்டால் நல்லாத்தான் இருக்கு என்பார். சர்வர் எப்படி இருக்கிறது என்பது வேறு கேள்வி. சோர்வு குறைகிறது என்பதும் நியாயம் நடக்கிறது என்பதும் ஒன்றில்லை.

படுக்கை ஓரத்தில்

கவனிப்பு வேலைக்கு வந்தால் பிரச்சினை கொஞ்சம் மாறுகிறது. விமானத்தில் உணர்வு விளம்பரப்படுத்தப்பட்டது. மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் அது கணக்கிலேயே வருவதில்லை. பிரிட்டனில் மரணத் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களை ஆராய்ந்த நிக்கி ஜேம்ஸ், கவனிப்பு என்பது மூன்றின் கூட்டு என்றார்: ஒழுங்கமைப்பு, உடல் உழைப்பு, உணர்வு உழைப்பு. முதல் இரண்டும் ட்யூட்டி பட்டியலில் இருக்கும். மூன்றாவதை வீட்டில் அம்மாவிடம் பெண் கற்றுக்கொண்டு வருவாள் என்று விட்டுவிடுவார்கள். இயல்பாக வருவது என்று சொல்லிவிட்டால் அதற்குப் பயிற்சியும் வேண்டாம், நேரமும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம்.

டிமதி டைமண்ட் என்ற சமூகவியலாளர் 1980-களில் தானே உதவியாளர் பயிற்சி முடித்து, சிகாகோ பக்கம் முதியோர் இல்லங்களில் வேலை செய்து 1992-ல் புத்தகம் எழுதினார். அங்கே எல்லாமே சார்ட்டில் ஏறணும். குளிப்பாட்டியாச்சு, ரத்த அழுத்தம் பார்த்தாச்சு, சாப்பிட்டாச்சு. பயந்து அழுகிற பாட்டியின் கையைப் பிடித்து உட்கார்ந்ததற்குக் கட்டம் கிடையாது. சார்ட்டில் இல்லாதது நடக்கவே இல்லை என்று அர்த்தம். அடுத்த வருஷம் ஆள் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவர் பார்ப்பது சார்ட்டைத்தான். கட்டத்தில் வராத நேரம் முதலில் வெட்டுப்படும். அதற்குப் பிறகும் உதவியாளர் கையைப் பிடிக்கத்தான் செய்வார், தன் சாப்பாட்டு இடைவேளையில்.

அப்படியென்றால் கைபிடிப்பதற்கும் ஒரு கட்டம் போட்டுவிடலாமா? அங்கேதான் அத்தை பெண்ணின் 'எம்பதி' கட்டம் குறுக்கே வருகிறது. அளக்காவிட்டால் சம்பளம் இல்லை. அளந்தால் அது கண்காணிப்பாகிவிடுகிறது. இந்த முடிச்சுக்கு நான் படித்தவரையில் தெரிவது ஒன்றுதான்: உணர்வை அளக்க வேண்டாம், அதற்கு வேண்டிய நேரத்தை அளக்கலாம். ஒரு உதவியாளருக்கு எத்தனை பாட்டிகள், ஒரு பணிப்பெண்ணுக்கு எத்தனை இருக்கைகள், ஒரு அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நிமிடம். அடுத்த முறை யாராவது எமோஷனல் லேபர் என்றால், முதலில் விதியை எழுதியது யார் என்று கேளுங்கள். அடுத்ததாக, எத்தனை பேருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள்.